அம்புக்குறி இருந்த இடம்

அண்ணிக்குப் பயம் வந்தால் துணி மடிப்பார். கொடியில் காய்ந்தது போதாவிட்டால் அலமாரியில் ஏற்கெனவே மடித்து வைத்ததை எடுத்து உதறி மறுபடியும் மடிப்பார். மருத்துவமனைக் கட்டிலில் விரிப்பின் முனைகளைச் செருகுவது போல ஒவ்வொரு சட்டையும் நான்கு பக்கமும் கூர்மையாக வந்து நிற்கும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன, ஆபரேஷனா?" என்பான். அண்ணி பதில் சொல்லமாட்டார். பதில் வராவிட்டால் விஷயம் பெரியது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அண்ணி செவிலியர். வார்டில் அவருக்குச் 'சோப்பு சிஸ்டர்' என்று பெயர். யாராவது ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால், அவர் ஒன்றும் பேசாமல் தன் கைகளை மட்டும் தேய்த்துக் காட்டுவார். பெரிய டாக்டரானாலும் அதேதான். டிப்ளமோ முடித்துப் பத்து வருடம் வேலை பார்த்த பிறகு பட்டம், அதற்குப் பிறகு மேற்படிப்பு. அவருடைய வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, அதற்கு முன்னால் கல்லூரிப் படி ஏறியவர் இல்லை. நான் பட்டம் வாங்கிய அன்று, "இனிமே என் இங்கிலீஷை நீதான் திருத்தணும்" என்று அண்ணி சொன்னார். திருத்துகிற அளவுக்கு எனக்குத் தெரியுமா என்று அன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

மேற்படிப்பின் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. படிப்பு விடுப்பு முடியப் போகிறது. அதற்குள் கட்டுரை வராவிட்டால் பட்டமில்லாமல் வார்டுக்குத் திரும்ப வேண்டும்; மறுபடி விடுப்புக் கிடைக்காது. ஆகையால் அண்ணி ஒரு மாநாட்டில் தன் ஆய்வைப் பேசிவிட்டு வந்து, "கைதட்டினாங்கடி" என்று சொன்னபோது வீடே பாதி மூச்சு விட்டது. மாநாட்டுத் தொகுப்பின் ஆசிரியரிடமிருந்து முழுக் கட்டுரையை மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தபோது மீதி மூச்சையும் விட்டுவிட்டோம்.

"பன்னெண்டு ஸ்லைடு. பன்னெண்டு பத்தி. முடிஞ்சுது" என்றார் அண்ணி.

அவர் செய்த ஆய்வு எளிமையானது. கை கழுவும் மருந்துப் புட்டி வார்டின் வாசலில் மாட்டியிருந்தது. கட்டிலிலிருந்து அங்கே நடந்து போய்வர யாருக்கும் நேரமில்லை. அதை ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் மாட்டினால் என்ன ஆகும்? மாட்டுவதற்கு முன் ஆறு மாதம், மாட்டிய பின் ஆறு மாதம், இரண்டையும் ஒப்பிட்டார். நூறு முறை கழுவ வேண்டிய இடத்தில் எத்தனை முறை கழுவினார்கள் என்று வார்டில் உட்கார்ந்து குறித்தார். வார்டில் வந்து ஒட்டிய தொற்றுகள் எத்தனை என்பதை ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கினார்.

முதல் வரைவை எனக்குக் காட்டினார். ஸ்லைடில் இருந்த வரிகளை அப்படியே ஒட்டி, முன்னால் இருந்த புள்ளிகளை மட்டும் எடுத்திருந்தார்.

"அண்ணி, மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதின மாதிரி இருக்கு."

"திமிரா?"

"இல்ல, நிஜமா. இதுக்கும் இதுக்கும் நடுவுல என்ன? 'கை கழுவுதல் முக்கியம்.' அடுத்த வரி, 'புட்டி வாசலில் உள்ளது.' சரி, அதனால?"

"அதை நான் வாயால சொன்னேனே."

"அந்த வாய்தான் இங்க இல்லை."

அண்ணி என்னை மடிக்கணினி முன் உட்கார வைத்துவிட்டு, மேடையில் நின்றது போலச் சுவரோரம் போய் நின்றார். "நான் பேசறேன். பட்டனை அமுக்கறப்போ என்ன சொன்னேனோ அதை மட்டும் நீ அடி. அதுதான் நடுவுல வர்ற பத்தி."

அது வேலை செய்தது. முதல் ஸ்லைடிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது, "கழுவணும்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் கழுவலைன்னு பார்த்தா, அறிவு குறைவு இல்ல, தூரம்" என்றார். அடித்தேன். இரண்டிலிருந்து மூன்றுக்கு, "தூரம்தான் காரணம்னா, பாடம் நடத்திப் பிரயோஜனமில்ல, புட்டியைத்தான் நகர்த்தணும்" என்றார். அதையும் அடித்தேன். ஒரு பத்தியின் கடைசி வாக்கியம் அடுத்த பத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. எனக்கே உற்சாகமாக இருந்தது. கல்லூரியில் மூன்று வருடம் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒரு வாதம் இப்படி எழுந்து நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

எட்டாவது ஸ்லைடில் கை கழுவுதல் நூற்றுக்கு முப்பத்தெட்டிலிருந்து அறுபத்து நான்காக ஏறியிருந்தது. ஒன்பதாவதில் தொற்று இருபத்து நான்கிலிருந்து ஒன்பதாக இறங்கியிருந்தது.

"ம், சொல்லுங்க. எட்டுலேர்ந்து ஒன்பதுக்கு."

அண்ணி பட்டனை அமுக்குவது போல விரலை அசைத்தார். வாய் திறக்கவில்லை.

"என்ன சொன்னீங்க அங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அம்புக்குறி வந்துச்சு."

நான் ஓடவிட்டுப் பார்த்தேன். ஆமாம். இடது ஓரத்திலிருந்து ஒரு தடித்த பச்சை அம்புக்குறி பறந்து வந்து, ஏறிய கோட்டையும் இறங்கிய கோட்டையும் இணைத்து நின்றது. மேலே பெரிய எழுத்தில் 'அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைவு'.

"இங்கதான் கைதட்டினாங்க" என்றார் அண்ணி.

"சரி, அம்பு என்ன சொல்லுதோ அதை வாக்கியமா சொல்லுங்க."

"கை கழுவுறது கூடினதால தொற்று குறைஞ்சுது." சொல்லிவிட்டு அண்ணி என் பின்னால் வந்து நின்றார். நான் அடித்த வாக்கியத்தைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். அவர் கை என் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தது எனக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் மேல போ. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

அங்கே ஒரு ஸ்லைடு மங்கலாகக் கிடந்தது. அதன் எண் மேல் ஒரு கோடு. மறைத்து வைத்த ஸ்லைடு. கோப்பில் இருக்கும், மேடையில் வராது. பேச்சுக்குப் பத்து நிமிடம்தான் என்று சொன்னதால் ஒத்திகையின்போது அண்ணி மறைத்தது. அதில் ஒரே ஒரு படம். வார்டின் கூரை ஒழுகி, பாதிக் கட்டில்களை எடுத்துவிட்டு, நடுவில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

"இது எப்ப?"

"புட்டி மாட்டினதுக்கப்புறம்." அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "அந்த ஆறு மாசமும் வார்டு பாதிதான். ஆள் பாதி இருந்தா தொற்றும் பாதிதானேடி இருக்கும்."

கால்குலேட்டரை எடுத்தார். ஒரு நோயாளி ஒரு நாள் வார்டில் கிடந்தால் அது ஒரு நோயாளி-நாள். முதல் ஆறு மாதத்தில் ஆறாயிரம் நோயாளி-நாள், இருபத்து நான்கு தொற்று, ஆயிரத்துக்கு நான்கு. அடுத்த ஆறு மாதத்தில் மூவாயிரம் நோயாளி-நாள், ஒன்பது தொற்று, ஆயிரத்துக்கு மூன்று. நான்கு மூன்றாகியிருக்கிறது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் நடக்கும் என்று அண்ணியே சொன்னார். கால்குலேட்டரை அணைத்து வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். என் சுடிதார், அண்ணனின் பனியன், தலையணை உறை எல்லாம் கட்டிலில் வந்து விழுந்தன.

அண்ணன் வேலையிலிருந்து வந்து அந்தத் துணிக் குவியலைப் பார்த்து வாசலிலேயே நின்றான். நடந்ததை நான் அவனிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானா? அந்த அம்பை அப்படியே விட்டுடேன். யாரு போய்க் கூரையைப் பாக்கப் போறாங்க?"

"என் வார்டு கூரை, எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி.

"உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே. ஏம்மா, இத்தனை வருஷமா நீ கழுவின கையை இப்ப எதுக்குப் போட்டு முறுக்கறே?"

அண்ணன் கெட்டவன் இல்லை. விடுப்பு முடிந்து பட்டமில்லாமல் அண்ணி திரும்புகிற நாளை நினைத்து அவனுக்கும் பயம். என்னுடைய யோசனை அவனுடையதைவிட மோசம். "புட்டி மாட்டின காலத்துல தொற்றும் குறைவா இருந்துச்சுன்னு எழுதலாம் அண்ணி. பொய் இல்லை. 'அதனால'ன்னு நாம சொல்லவே இல்லையே."

அண்ணி மடிப்பதை நிறுத்தினார். "படிக்கறவன் 'அதனால'ன்னுதானே படிப்பான்?"

பொய் சொல்லாமல் பொய்யை நம்பவைக்கும் வாக்கியம் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது. படிப்பு எனக்குக் கொடுத்தது இதுதானா என்று அதற்குப் பிறகு பலமுறை கேட்டுக்கொண்டேன்.

அண்ணியின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் அப்போதுதான் சொன்னார். மாநாட்டிலிருந்து வந்ததும் அவருடைய வழிகாட்டியான டாக்டரம்மா, மருத்துவமனை நிர்வாகக் கூட்டத்தில் அதே ஸ்லைடைக் காட்டியிருக்கிறார். தொற்று அவ்வளவு குறைந்துவிட்டதென்றால் தொற்று நோயாளிகளைத் தனியாக வைக்கும் அறை எதற்கு, அதைச் சாமான் வைக்கும் அறையாக மாற்றலாமே என்று அங்கே பேச்சு எழுந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முடிவு.

"என் அம்புக்குறியால ஒரு அறையை மூடப்போறாங்கடி" என்றார் அண்ணி.

மறுநாள் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். உட்கார்ந்தார். மறுபடி போய்க் கழுவினார். விரல் நுனிகள் சுருங்கிப்போயிருந்தன.

டாக்டரம்மா மறைந்திருந்த ஸ்லைடைப் பார்த்தார். கணக்கு எழுதிய தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை யாரு மறைச்சது?"

"நான்தான் மேடம். பத்து நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு..."

"ஒத்திகையில நான் எங்க இருந்தேன்?"

அண்ணி கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார்.

"எதிர்லதான் உக்காந்திருந்தேன். 'அந்தத் தார்ப்பாய் படத்தைத் தூக்கு, அசிங்கமா இருக்கு'ன்னு சொன்னது நான்." அவர் குரலில் கோபம் இருந்தது; யார் மேல் என்று தெரியவில்லை. "நிர்வாகக் கமிட்டியில நான் அந்த நம்பரைச் சொல்லியாச்சு, சிஸ்டர். மாநாட்டுக்குக் கொடுத்த ஆய்வுச் சுருக்கத்துலயும் அச்சாயாச்சு. அதுல உங்க பேருக்கு அடுத்து என் பேரு."

"தெரியும் மேடம்."

"தொற்றை எடுத்துட்டா உங்க கட்டுரையில என்ன மிச்சம்?"

டாக்டரம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வச்சுட்டுப் போங்க. நான் யோசிக்கணும்" என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் நாங்கள் இறங்கும் இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குப் பிடிக்காத நாட்கள். டாக்டரம்மாவிடமிருந்து தகவலில்லை. கைபேசி மணி அடித்தால் அண்ணி முதலில் அதைத் தொடாமல் பார்ப்பார். கட்டுரையைத் திறப்பார். ஒன்பதாவது பத்தியை எடுத்துவிட்டுப் படிப்பார். எட்டு வரை அழகாக நடந்து வந்த வாதம் அங்கே பள்ளத்தில் விழுந்தது. முன்னுரையின் முதல் வரியே தொற்றைப் பற்றியது. தலைப்பு தொற்றைப் பற்றியது. எல்லாப் பத்திகளும் இல்லாத ஓர் ஊருக்கு வழி காட்டிக்கொண்டு நின்றன.

"எடுத்துட்டா மிச்சமில்லை. வச்சா பொய்" என்றார் ஒரு நாள், சட்டைக் காலரை நீவிக்கொண்டே.

"மாநாட்டுல யாராவது கேள்வி கேட்டாங்களா அண்ணி?" என்று நான் கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"எல்லாரும் கைதட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க. ஒரே ஒரு அம்மா கேட்டாங்க. புதுசுன்னா கழுவுவாங்க, பழசான பிறகும் கழுவினாங்களான்னு. அதுக்குக் கடைசியில வச்சிருந்த ஒரு ஸ்லைடைக் காட்டினேன்..."

காலர் பாதியில் நின்றது.

அது 'நன்றி' ஸ்லைடுக்கும் பின்னால், யாராவது கேட்டால் காட்டலாம் என்று வைத்திருந்தது. கூரை சரியாகி, கட்டில்கள் திரும்பி வந்து, வார்டு பழையபடி நிரம்பிய பிறகும் அண்ணி உட்கார்ந்து குறித்திருந்தார். ஆய்வுக்கூடம் தொற்றுக் கணக்குத் தரும் ஏற்பாடு அந்த இரண்டாவது ஆறு மாதத்தோடு முடிந்துவிட்டது. கை கழுவும் கணக்கை மட்டும் அவர் விடவில்லை. சோப்பு சிஸ்டர் அல்லவா. நிரம்பிய வார்டு, அதே செவிலியர்கள், அதே ஓட்டம். நூற்றுக்கு அறுபத்தொன்று.

"முப்பத்தெட்டும் நிரம்பின வார்டு. அறுபத்தொண்ணும் நிரம்பின வார்டு" என்றார் அண்ணி மெதுவாக. "இதை ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாக்கலாம்டி. இங்க கூரை குறுக்கே வராது."

அன்று அவர் சுவரோரம் நிற்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடுகளின் வரிசையையே கலைத்தார். கேள்விக்கு வைத்திருந்தது கட்டுரையின் நடுவுக்கு வந்தது. மறைத்து வைத்தது ஆய்வு முறைப் பகுதிக்கு வந்தது, தார்ப்பாயோடு. முன்னுரை தொற்றில் தொடங்கவில்லை, தூரத்தில் தொடங்கியது. புட்டி கைக்கு எட்டினால் கழுவுவார்களா. வார்டு பாதி காலியாக இருந்ததால்தான் கழுவினார்களா. இல்லை, நிரம்பிய பிறகும் கழுவினார்கள். ஒரு பத்தி எழுப்பிய கேள்விக்கு அடுத்த பத்தி பதில் சொன்னது. ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் எல்லோருமே கொஞ்சம் கூடுதலாகக் கழுவுவார்கள், அது புட்டி மாட்டுவதற்கு முன்னும் மாட்டிய பின்னும் உண்டு என்பதையும் அண்ணி விடாமல் சேர்த்தார். அம்புக்குறி இருந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினார். இந்தக் காலத்தில் நோயாளி-நாட்கள் பாதியாகிவிட்டன. வீதம் நான்கிலிருந்து மூன்றானது. இந்த எண்ணிக்கையை வைத்துத் தொற்று குறைந்தது என்றோ குறையவில்லை என்றோ சொல்ல முடியாது. மாநாட்டுச் சுருக்கத்தில் சொன்னதை இக்கட்டுரை திரும்பப் பெறுகிறது.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இருமுறை பாதி அடித்து அழித்தார். நான் அடிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

டாக்டரம்மாவுக்கு அனுப்பினோம். ஒருநாள் முழுதும் பதிலில்லை. பிறகு தொலைபேசியில் வந்தார். "படிச்சேன். என் பேரை எடுக்க வேண்டாம்." அப்புறம் தாள் புரட்டும் சத்தம். "அந்தத் திரும்பப் பெறுகிற வரி அடியில கிடக்கு. மேல கொண்டு வாங்க. ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கக் கூடாது. கமிட்டிக்கும் நீங்களே வந்து சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

கட்டுரைக்கு வந்த பதிலை அண்ணி திறக்கவில்லை. என்னைத் திறக்கச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். மதிப்பீட்டாளர்களில் ஒருவர், தொற்று முடிவில்லாத ஆய்வுக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தார். இன்னொருவர், ஓர் அட்டவணையும் நிரம்பிய வார்டைப் பற்றி இன்னும் ஒரு பத்தியும் கேட்டு, ஏற்கலாம் என்றிருந்தார். தொகுப்பின் ஆசிரியர் இரண்டாமவர் பக்கம். திருத்தி அனுப்பினால் வெளியிடுவோம். நான் படித்து முடித்த பிறகும் அண்ணி திரும்பவில்லை. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "பல்கலைக்கழகத்துக்கு இது போதும்ல?" என்று அண்ணன் கேட்டான். போதும் என்றேன். அவன் கூரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஆனால் கமிட்டி மீதி இருந்தது. அங்கே நான் போக முடியாது. நடந்ததை அண்ணி வந்து சொன்னார். முதல் ஸ்லைடே தார்ப்பாய்தானாம். பட்டனை அமுக்கும்போதெல்லாம் வாயால் சொன்னாராம். யாரும் கைதட்டவில்லை. நிர்வாக அதிகாரி, "அப்போ தொற்று குறையலையா, சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"தெரியலை சார்னு சொன்னேன். போன தடவை உங்க ஸ்லைடுல குறைஞ்சுதுன்னு இருந்துச்சேன்னாரு. அப்பவும் தெரியாது சார், அம்பு போட்டிருந்தேன்னேன்."

"அந்த அறை?"

"இப்போதைக்கு மூடலையாம். ஒரு வருஷம் சரியா எண்ணிட்டு வாங்கன்னாரு." செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்க் கை கழுவினார். ஒரே முறைதான். பிறகு கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினார்.

வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கொடியில் அன்றைய துணியெல்லாம் அப்படியே கிடந்தது. நான் போய் எடுத்து வந்து மடித்தேன். ஒன்றின் முனைகூட நேராக வரவில்லை.

"அதை அப்படியே வை" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமல்.